தோப்பு வருமானத்துக்கு வரி இல்லை, ஆனால் சம்பளத்துக்கான வரி ஏறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பளமோ வாடகையோ பென்ஷனோ வாங்கிக்கொண்டு, ஊரில் கொஞ்சம் நிலமும் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு, புதிய வரி முறையின் விகிதங்களில் போடப்பட்டவை. பழைய முறைக்கு எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

விவசாய வருமானத்துக்குத்தான் வரியே கிடையாதே, அப்புறம் ஏன் ரிட்டர்னில் அதைக் கேட்கிறார்கள்?

கேட்பது அதற்கு வரி போட அல்ல. உங்களுடைய மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி போடுவது என்று முடிவு செய்யத்தான்.

அரசியல் சாசனப்படி விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது. மத்திய அரசு விவசாயம் அல்லாத வருமானத்துக்கு மட்டுமே வரி போட முடியும். அதனால்தான் வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு விவசாய வருமானத்தை மொத்தமாக விலக்கி வைக்கிறது. ஆனால் இதில் ஒரு நியாயப் பிரச்சினை எழுந்தது. ஒருவருக்குச் சம்பளமாக மட்டும் 15 லட்சம் வருகிறது. இன்னொருவருக்கு அதே 15 லட்சம் சம்பளத்தோடு தோப்பிலிருந்தும் சில லட்சங்கள் வருகின்றன. இரண்டு பேரும் ஒரே வரி கட்டுவது சரியா? 1972-இல் கே.என். ராஜ் குழு இதை ஆராய்ந்து ஒரு வழி சொன்னது. 1973-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, ஆனால் விகிதத்தை முடிவு செய்யும்போது அதையும் சேர்த்துப் பார்ப்பது என்பதே அந்த வழி. ஆண்டுதோறும் வரும் நிதிச் சட்டத்தில் இந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது.

மறைமுகமாக விவசாயத்துக்கே வரி போடுகிறார்கள் என்று பலருக்குக் கோபம் வருகிறது. கையிலிருந்து போகும் பணத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் வரி விழுவது சம்பளத்தின் மேல்தான். சம்பளமோ வேறு வருமானமோ இல்லாதவருக்கு எத்தனை லட்சம் விளைந்தாலும் இந்த முறையில் ஒரு ரூபாய்கூட வராது.

எனக்கு இது பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்தே பொருந்த வேண்டும். செலவு போக நிற்கும் விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். விவசாயம் அல்லாத வருமானமும், கழிவுகள் எல்லாம் போக, அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்ட வேண்டும். புதிய முறையில் அந்த வரம்பு எல்லா வயதினருக்கும் 4 லட்சம். பழைய முறையில் 60 வயதுக்குக் கீழே 2.5 லட்சம், 60 முதல் 80 வரை 3 லட்சம், 80-க்கு மேல் 5 லட்சம்.

5,000 ரூபாய் என்பது ஒரு வாசல் மட்டுமே. தாண்டிய பகுதியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். 5,001 ரூபாய் வந்தால் முழு 5,001-ம் கணக்குக்குள் வரும். பல ஆண்டுகளுக்கு முன் வைத்த தொகை இது, இன்னும் அப்படியே நிற்கிறது. அன்றைக்குப் பெரிய தொகையாக இருந்தது, இன்று நான்கு தென்னை மரம் வைத்திருப்பவரையே உள்ளே இழுத்துவிடுகிறது. இதைத் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும் இந்த முறை உண்டு. கம்பெனிக்கும் பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கும் இல்லை.

கணக்கை எப்படிப் போடுவது? ஒரு உதாரணத்தோடு சொல்லுங்களேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 15,75,000. புதிய முறையில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 கழித்தால் வரிக்குரிய வருமானம் 15,00,000. தோப்பில் செலவெல்லாம் போக 4,00,000 நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 4 லட்சம் எப்படி வந்தது என்பதைப் பின்னால் ஒரு கேள்வியில் பார்க்கலாம்.

புதிய முறையின் விகிதங்கள் இவை: முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30.

முதல் படியில், இரண்டு வருமானத்தையும் கூட்டி, மொத்தத்துக்கும் வரி உண்டு என்பதுபோல் கணக்கிட வேண்டும். 15 லட்சமும் 4 லட்சமும் சேர்ந்து 19 லட்சம். அதற்கான வரி 20,000 + 40,000 + 60,000 + 60,000, ஆக 1,80,000.

இரண்டாவது படியில், விவசாய வருமானத்தோடு அடிப்படை விலக்கு வரம்பைக் கூட்டி, அந்தத் தொகைக்கு வரி பார்க்க வேண்டும். 4 லட்சமும் 4 லட்சமும் சேர்ந்து 8 லட்சம். அதற்கான வரி 20,000.

மூன்றாவது படியில், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். 1,80,000-இல் 20,000 போக 1,60,000. இதுதான் அவர் கட்ட வேண்டிய வருமான வரி. இதன் மேல் 4 சதவீதம் செஸ் 6,400. மொத்தம் 1,66,400.

```
வரி = (விவசாயம் அல்லாத வருமானம் + விவசாய வருமானம்)-க்கான வரி
      − (விலக்கு வரம்பு + விவசாய வருமானம்)-க்கான வரி
```

தோப்பே இல்லாமல் இதே சம்பளம் மட்டும் இருந்திருந்தால்? 15 லட்சத்துக்கான வரி 1,05,000, செஸ் 4,200, ஆக 1,09,200. தோப்பு இருந்ததால் கூடியது 57,200 ரூபாய். வரியே இல்லாத 4 லட்சத்தின் மேல் வைத்துப் பார்த்தால் இது 14.3 சதவீதம்.

மூன்றாவது படியில் கழித்துவிடுகிறார்களே, பிறகு எப்படி வரி ஏறுகிறது?

பலர் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வரி விகிதங்களை ஒரு மாடிப்படிக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போகக் கட்டணம் கூடும். விலக்கு வரம்பு எனும் தரைத்தளத்தில் யாருக்கும் கட்டணம் இல்லை. அதற்கு அடுத்த கீழ்ப்படிகளில் விவசாய வருமானத்தை உட்கார வைத்துவிடுகிறார்கள். அது உட்கார்ந்த படிகளுக்குக் கட்டணம் வாங்குவதில்லை, கணக்கின் மூன்றாவது படியில் கழிப்பது அதைத்தான். ஆனால் இடம் போய்விட்டது. சம்பளம் அதற்கு மேலே உள்ள படிகளில்தான் ஏறி உட்கார வேண்டும்.

நம் உதாரணத்தில் விலக்கு வரம்பு போகச் சம்பளத்தில் வரிக்கு உட்படுவது 11 லட்சம். தோப்பு இல்லாவிட்டால் அந்த 11 லட்சம் 4-லிருந்து 15 லட்சம் வரையிலான இடத்தில் உட்காரும். தோப்பு இருப்பதால் 8-லிருந்து 19 லட்சம் வரையிலான இடத்துக்குப் போகிறது. கூட்டிப் பாருங்கள்: 8 முதல் 12 வரை 10 சதவீதத்தில் 40,000, 12 முதல் 16 வரை 15 சதவீதத்தில் 60,000, 16 முதல் 19 வரை 20 சதவீதத்தில் 60,000. அதே 1,60,000 வருகிறது. ஆடிட்டர் கொடுத்த கணக்கு சரிதானா என்று சோதிக்க இந்த வழி கைகொடுக்கும்.

12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே இல்லை என்றார்கள். எனக்குச் சரியாக அவ்வளவுதான் சம்பளம், நிலத்தில் 3 லட்சம் வருகிறது. எனக்கும் வரி இல்லைதானே?

உங்களுக்கு வரி உண்டு. இப்போது நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

12 லட்சம் வரை வரி இல்லை என்பது விலக்கு வரம்பு அல்ல. வரியைக் கணக்கிட்டு முடித்த பிறகு 87ஏ பிரிவின்படி தரும் தள்ளுபடி அது. அந்தத் தள்ளுபடிக்கு ஓர் உச்சம் இருக்கிறது, 60,000 ரூபாய். 12 லட்சத்துக்குச் சாதாரணமாக வரும் வரி சரியாக 60,000 என்பதால் அது முழுதாக அழிந்து பூஜ்யமாகிறது. விவசாய வருமானம் சேர்ந்து வரி 60,000-ஐத் தாண்டிவிட்டால், தாண்டிய பகுதி அப்படியே நிற்கும்.

உங்கள் கணக்கு இப்படி வரும். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போகச் சம்பளம் 12,00,000, அதோடு விவசாயம் 3,00,000. 15 லட்சத்துக்கான வரி 1,05,000. விலக்கு வரம்பும் விவசாயமும் சேர்ந்த 7 லட்சத்துக்கான வரி 15,000. வித்தியாசம் 90,000. தள்ளுபடி 60,000 போக 30,000. செஸ் 1,200 சேர்த்து 31,200 ரூபாய்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. தள்ளுபடிக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும்போது விவசாய வருமானத்தைச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் சட்டம் சொல்லும் மொத்த வருமானத்தின் பகுதியே அல்ல அது. ஆகவே 12 லட்சம் வரம்பு உங்கள் சம்பளம் போன்ற வருமானத்துக்கு மட்டும்தான். வரிக்குரிய சம்பளம் 10 லட்சம், விவசாயம் 2 லட்சம் என்று இருப்பவரைப் பாருங்கள். 12 லட்சத்துக்கான 60,000-இலிருந்து 6 லட்சத்துக்கான 10,000 போக 50,000 வரும். அது தள்ளுபடிக்குள் அடங்கிவிடுகிறது, அவருக்கு வரி இல்லை.

தோப்பில் வந்த முழுப் பணத்தையும் காட்ட வேண்டுமா, செலவு போகவா?

ரிட்டர்னில் இரண்டும் கேட்பார்கள், விகிதக் கணக்குக்கு எடுப்பது செலவு போக நிற்பதைத்தான். வந்த தொகையை மட்டும் எழுதிவிட்டுச் செலவுக் கட்டத்தைக் காலியாக விடுகிறவர்கள் தேவையில்லாமல் அதிக வரி கட்டுகிறார்கள்.

மேலே சொன்ன பொள்ளாச்சித் தோப்பையே பார்ப்போம். ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரம் வீதம் 350 மரம். மரத்துக்கு நூறு காய் என்றால் 35,000 காய். சராசரி 18 ரூபாய்க்குப் போனால் 6,30,000. காய் வெட்டும் கூலியும் உரிக்கும் கூலியும் 80,000. உரம், தொழுவுரம் 70,000. உழவு, களையெடுப்பு, தண்ணீர் பாய்ச்சும் ஆள் கூலி 55,000. சொட்டுநீர்க் குழாய் பழுதுபார்த்தது 25,000. மொத்தச் செலவு 2,30,000, நிற்பது 4,00,000.

பயிர்க் கடனுக்குக் கட்டிய வட்டியையும் டிராக்டர், மோட்டார் போன்றவற்றின் தேய்மானத்தையும் கழிக்கலாம். தொழில் வருமானத்துக்குச் செலவு கழிப்பதுபோலத்தான் இதற்கும் விதிகள். ஒரு முக்கியமான சலுகை உண்டு: தொழிலில் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள். விவசாயக் கணக்கில் அந்தத் தடை இல்லை. அறுவடைக் கூலியை ரொக்கமாகத்தானே கொடுக்கிறோம். ஆனால் நீங்களும் வீட்டாரும் போட்ட உழைப்புக்கு ஒரு கூலியை மனதுக்குள் நிர்ணயித்துக் கழிக்க முடியாது. பணமாகக் கொடுத்தது மட்டுமே செலவு.

ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று எழுதி வந்தாலே பாதி வேலை முடிந்தது. உரக்கடை பில்லை அதே நோட்டில் செருகி வையுங்கள்.

எதெல்லாம் விவசாய வருமானம்? மாடும் கோழியும் இருக்கின்றன, கொஞ்சம் நிலம் குத்தகையிலும் இருக்கிறது.

இந்தியாவில் இருக்கும் நிலத்தில் உழுது, விதைத்து, நட்டு விளைவித்ததை விற்று வருவதுதான் அடிப்படை. 1957-இல் ராஜா பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கோடு போட்டுக் கொடுத்தது. நிலத்தில் மனித உழைப்போடு அடிப்படை வேலைகள் நடந்திருக்க வேண்டும். அதைத் தொடர்ந்து வரும் களையெடுப்பு, அறுவடை போன்றவையும் சேரும். அடிப்படை வேலை எதுவும் இல்லாமல் தானாக வளர்ந்த காட்டு மரத்தை வெட்டி விற்றால் அது சேராது.

குத்தகைப் பணம் விவசாய வருமானமே. நிலத்தில் விவசாயம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்வது நீங்களா குத்தகைதாரரா என்பது பிரச்சினை இல்லை. குத்தகைதாரர் விளைவித்து விற்பதும் அவருக்கு விவசாய வருமானம்தான். ஆனால் மரத்தில் நிற்கும் காயை மட்டும் மொத்தமாக விலை பேசி எடுக்கும் வியாபாரிக்கு வரும் லாபம் வியாபார வருமானம். நிலத்தில் அவர் எந்த வேலையும் செய்யவில்லை.

பால், முட்டை, கோழி, மீன் வளர்ப்பு இதில் வராது, அவற்றுக்கு முழு வரி உண்டு. நாற்றுப் பண்ணையில் கன்று வளர்த்து விற்பது விவசாய வருமானம் என்று 2008-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தெளிவாக்கிவிட்டது. தேயிலையைத் தானே வளர்த்துத் தானே தயாரிப்பவருக்கு 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் தொழில் என்று விதியே பிரித்துக் கொடுக்கிறது. நீலகிரியில் பச்சைத் தேயிலையைப் பறித்து ஃபாக்டரிக்குக் கொடுக்கும் சிறு விவசாயிக்கு இந்தப் பிரிப்பு வராது, அவருடையது முழுக்க விவசாயம்.

நெல் விற்ற பணத்தை வங்கியில் டெபாசிட் போட்டு வரும் வட்டியும் விவசாய வருமானம் அல்ல. பணம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து வட்டியின் குணம் மாறாது.

இந்த வருஷம் மழையில் எல்லாம் போய் நஷ்டம். அதைச் சம்பளத்தில் கழிக்கலாமா?

முடியாது. விவசாய நஷ்டத்தை விவசாய வருமானத்தோடு மட்டுமே ஈடு செய்யலாம். அந்த ஆண்டின் விகிதக் கணக்கில் விவசாய வருமானம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வார்கள். ஆனால் நஷ்டத்தை வீணாக்கத் தேவையில்லை. எட்டு ஆண்டுகள் வரை அடுத்த ஆண்டுகளின் விவசாய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதனால் அடுத்த ஆண்டு விகிதம் ஏறுவது குறையும். நஷ்டம் வந்த ஆண்டில் அதை ரிட்டர்னில் காட்டியிருக்க வேண்டும். நஷ்டம்தானே, எதற்கு எழுதுவது என்று விட்டுவிடுகிறவர்கள் பிறகு கழிக்க வழியில்லாமல் நிற்கிறார்கள்.

நிலத்தையே விற்றுவிட்டேன். அந்தப் பணமும் இந்தக் கணக்கில் சேருமா?

சேராது. நிலம் விற்பது வேறு, நிலத்தில் விளைந்ததை விற்பது வேறு. கிராமப்புற விவசாய நிலம் என்றால் அது மூலதனச் சொத்தே அல்ல, லாபத்துக்கு வரி இல்லை, விகிதத்துக்கும் கூட்டமாட்டார்கள். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் அல்லது அதை ஒட்டி இருந்தால் மூலதன ஆதாய வரி வரும். ஒட்டி என்றால், மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரையுள்ள ஊரின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் 8 கிலோமீட்டர். சாலை வழியாக அல்ல, நேர்கோட்டில் அளக்க வேண்டும்.

ஆபீஸில் டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். பிறகு ஏன் ரிட்டர்ன் போடும்போது வரி பாக்கி என்று வருகிறது?

உங்கள் தோப்பு அலுவலகத்தின் சம்பளக் கணக்கில் இல்லை. அவர்கள் சம்பளத்துக்கான வரியை மட்டும் பிடித்தார்கள். பொள்ளாச்சி உதாரணத்தில் ஆபீஸ் பிடித்திருப்பது 1,09,200, கட்ட வேண்டியது 1,66,400. மீதி 57,200-ஐ அவரே கட்ட வேண்டும். 12.75 லட்சம் சம்பளக்காரருக்கு ஆபீஸ் ஒரு பைசாவும் பிடித்திருக்காது. அவருக்கு 31,200-ம் பாக்கியாக வந்து நிற்கும்.

பாக்கி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் அது அட்வான்ஸ் டாக்ஸாக ஆண்டு நடக்கும்போதே போயிருக்க வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். தவறினால் 234பி, 234சி பிரிவுகளில் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. தொழில் வருமானம் இல்லாத 60 வயது கடந்தவர்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் தேவையில்லை, பென்ஷன்காரர்கள் இதில் நிம்மதியாக இருக்கலாம்.

விளைச்சல் தை, மாசியில் வருகிறவர்களுக்கு ஜூனில் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். போன ஆண்டை வைத்து உத்தேசமாகக் கட்டி வாருங்கள், மார்ச் தவணையில் உண்மைத் தொகைக்குச் சரி செய்துகொள்ளலாம்.

எந்த ஃபார்ம் போட வேண்டும்? போன வருஷம் ITR-1 போட்டேன்.

விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ITR-1 போடக்கூடாது. சம்பளம், வாடகை, வட்டி இருப்பவர் ITR-2, தொழில் வருமானம் இருப்பவர் ITR-3. அதில் Schedule EI என்ற பகுதியில் மொத்த விவசாய வரவு, செலவு, முந்தைய எட்டு ஆண்டுகளின் நஷ்டம், நிகரத் தொகை என்று வரிசையாக நிரப்பலாம். நிகர வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் இருக்கும் மாவட்டமும் பின்கோடும், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசன நிலமா மானாவாரியா என்பதும் சேர்த்துக் கேட்பார்கள். தொகையைச் சரியாகப் போட்டால் விகிதக் கணக்கை ஃபார்மே போட்டுக்கொள்ளும். ஆனாலும் மேலே சொன்ன மூன்று படியையும் ஒரு தாளில் போட்டு ஒப்பிட்டுவிடுங்கள்.

முந்தைய ஆண்டு தவறான ஃபார்மில் காட்டாமல் விட்டிருந்தால், காலக்கெடு முடியாதிருந்தால் ரிவைஸ்ட் ரிட்டர்ன் போடலாம். அது முடிந்திருந்தால் அப்டேட்டட் ரிட்டர்ன் உண்டு, ஆனால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். தாமதம் கூடக் கூட அது 70 சதவீதம் வரை போகிறது.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே, வேறு பணத்தையும் இதில் காட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

தெரியும் வழிகள் நிறைய இருக்கின்றன. சேமிப்புக் கணக்கில் ஓர் ஆண்டில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால் வங்கி அதைத் துறைக்குத் தெரிவிக்கிறது. விசாரணை வந்தால் முதலில் கேட்பது பட்டா, சிட்டா, அடங்கல். அடங்கலில் அந்தப் பருவத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதியிருப்பார். தரிசு என்று இருக்கும் நிலத்தில் 8 லட்சத்துக்குக் கரும்பு விற்றதாகச் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலக்கடலையில் எவ்வளவு எடுக்க முடியும் என்பது அதிகாரிக்கும் தெரியும்.

நிரூபிக்க முடியாவிட்டால் அந்தத் தொகையைக் கணக்கில் வராத பணமாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு 115பிபிஇ பிரிவில் 60 சதவீதம் வரி, அதன் மேல் 25 சதவீதம் சர்சார்ஜ், செஸ், எல்லாம் சேர்ந்து 78 சதவீதம். நேர்மையாக விளைவித்தவரும் ஆவணம் இல்லாமல் இதில் சிக்குவதுதான் எனக்கு வருத்தம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் வங்கிக்கே வருகிறது, அந்தப் பதிவு போதும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ரசீதும் நல்ல சான்று. தோப்புக்கே வந்து காய் எடுக்கும் வியாபாரியிடம் காய் எண்ணிக்கையும் விலையும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பணத்தை வங்கி வழியாகக் கேளுங்கள்.

விவசாய வருமானம் ரொம்பப் பெரிதாக இருந்தால் வரி ஏறிக்கொண்டே போகுமா?

ஓர் இடத்தில் நின்றுவிடும். புதிய முறையில் விவசாய வருமானம் 20 லட்சத்தைத் தொட்டதும், விலக்கு வரம்போடு சேர்ந்து 24 லட்சம் வரையிலான இடம் முழுதும் நிரம்பிவிடுகிறது. மற்ற வருமானத்தில் 4 லட்சத்துக்கு மேலுள்ளது அனைத்தும் 30 சதவீதத்தில் போய்விட்டது, அதற்கு மேல் ஏற விகிதம் இல்லை. அதன் பிறகு விவசாயத்தில் 20 லட்சம் வந்தாலும் 2 கோடி வந்தாலும் வரி ஒன்றுதான். இதனால் கூடக்கூடிய உச்சம், செஸ்ஸும் சர்சார்ஜும் சேர்க்காமல், 3 லட்சம் ரூபாய்.

மறுபக்கமும் பாருங்கள். 20 லட்சம் நிகர விளைச்சல் எடுத்து, டெபாசிட் வட்டி 5 லட்சம் மட்டும் வாங்கும் விவசாயிக்கு, 25 லட்சத்துக்கான 3,30,000-இலிருந்து 24 லட்சத்துக்கான 3,00,000 போக 30,000 வரும். 87ஏ தள்ளுபடியில் அது அழிந்து அவர் எதுவும் கட்டமாட்டார்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். தஞ்சாவூரில் நிலமும் சென்னையில் வாடகை வீடும் உண்டு. எனக்கும் இதே கணக்கா?

அதே மூன்று படிதான். இந்தியாவில் வரும் வாடகை, கழிவுகள் போக 4 லட்சத்தைத் தாண்டினால் நிலத்து வருமானம் சேர்ந்து விகிதத்தை ஏற்றும். ஒரு பெரிய வித்தியாசம், 87ஏ தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர் என்ற தகுதி உள்ள தனிநபருக்கு மட்டுமே. உங்களுக்கு அது கிடைக்காது, 4 லட்சத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வரி உண்டு. இந்து கூட்டுக் குடும்பத்துக்கும் இதே நிலைதான்.

நேர்மாறான நிலையில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். இந்தியாவில் வசித்துக்கொண்டு மலேசியாவிலோ இலங்கையிலோ தோட்டம் வைத்திருந்தால், அந்த வருமானத்துக்கு இந்த விலக்கே இல்லை. நிலம் இந்தியாவில் இருந்தால்தான் சட்டத்தின் பார்வையில் அது விவசாய வருமானம். வெளிநாட்டுத் தோட்டத்தின் லாபம் சம்பளத்தைப் போலவே முழுதாக வரிக்கு உட்படும்.